ஐந்து மூட்டை அரிசிக்கு இரண்டு விலை

2023 செப்டம்பர் 1 அன்று பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை 36 விழுக்காடு உயர்த்தியது. டன் 2,350 ரிங்கிட்டாக இருந்தது ஒரே இரவில் 3,200 ரிங்கிட் ஆனது. அதற்கு முந்தைய ஜூலையில்தான் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. தட்டில் சோறு போட்டுப் பிழைக்கும் கடைகளுக்கு அந்த மாதக் கடைசியில் ஒரு கேள்வி வந்தது: ஸ்டோரில் மிஞ்சிய அரிசிக்கு எந்த விலையைப் போடுவது?

டெங்கிலில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையை எண்ணிக்கொள்வோம். கடைக்காரர் வாங்கும் விலை பெர்னாஸ் விலையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அந்த விலையையே வைத்துக்கொண்டால், 50 கிலோ மூட்டை பழைய விலையில் 117.50 ரிங்கிட், புது விலையில் 160 ரிங்கிட். ஆகஸ்ட் முடிவில் கையிருப்பு 10 மூட்டை. செப்டம்பரில் வாங்கியது 10 மூட்டை. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 5 மூட்டை மிச்சம். அப்படியானால் 15 மூட்டை அடுப்புக்குப் போயிருக்கிறது. அரிசிக்குப் போட்ட மொத்தப் பணம் 2,775 ரிங்கிட்.

முதலில் வந்தது முதலில் போனது என்று கொண்டால், மிஞ்சிய ஐந்தும் புது மூட்டைகள். இருப்பின் மதிப்பு 800 ரிங்கிட், மாதச் செலவு 1,975. எடையிட்ட சராசரியில் 2,775-ஐ 20 மூட்டையால் வகுக்க வேண்டும். மூட்டைக்கு 138.75 வரும். அப்போது இருப்பு 693.75, செலவு 2,081.25. அரிசி ஒன்றுதான், சமைத்ததும் ஒன்றுதான். ஆனால் லாபத்தில் 106.25 ரிங்கிட் வேறுபாடு.

இந்த வேறுபாடு எங்கும் தொலைந்துவிடுவதில்லை. அக்டோபரில் 160 விலையில் 15 மூட்டை வாங்கி, மறுபடியும் 5 மூட்டை மிஞ்சுகிறது என்று வையுங்கள். முதல் முறையில் செலவு 2,400. சராசரி முறையில் மூட்டை விலை 154.69 ஆகி, செலவு 2,320.31-இல் நிற்கும். செப்டம்பரில் குறைவாகச் செலவு காட்டிய முறை அக்டோபரில் கூடுதலாகக் காட்டுகிறது. இரண்டு மாதம் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி 26.56 ரிங்கிட்தான். அதனால் ஒரே ஒரு மாதத்தின் லாபத்தைப் பார்த்துக் கடை நடப்பதை எடைபோடக் கூடாது. நடுவழியில் முறையை மாற்றிக்கொள்வதோ கணக்கையே கெடுத்துவிடும்.

சராசரி போடுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பழைய விலையையும் புது விலையையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். செப்டம்பரில் இது தப்பித்துவிடும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து மூட்டை. விடையும் அதே 138.75. அக்டோபரில் 138.75-ஐயும் 160-ஐயும் அதே வழியில் போட்டால் 149.38 வரும். சரியான விடை 154.69. பழைய விலையில் ஐந்தும் புது விலையில் பதினைந்தும் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்ததன் விளைவு இது.

மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கான கணக்கியல் தரம் இந்த இரண்டு முறைகளையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போனது என்னும் முறையை ஏற்பதில்லை. என்னைக் கேட்டால் அரிசிக்கு முதல் முறையே நல்லது. மூட்டையின் மேல் வாங்கிய தேதியையும் விலையையும் எழுதி, பழையதை முன்னால் இழுத்து அடுக்கிவிடலாம். வண்டு விழாமல் இருக்கவும் அப்படித்தான் அடுக்க வேண்டும். பழைய எண்ணெயின் மேலேயே புது எண்ணெயை ஊற்றும் பெரிய டின்னுக்குச் சராசரி பொருந்தும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் கோழிக்கும் கீரைக்கும் எந்த முறையானாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்.

சாப்பாட்டு விலையை நிர்ணயிக்க மட்டும் இந்த இரண்டையும் நம்பக் கூடாது. ஒரு தட்டுக்கு 100 கிராம் அரிசி என்றால், சராசரி விலையில் அது 28 சென்னுக்குச் சற்றுக் குறைவு. நாளைக்கு வாங்கப்போகும் மூட்டையில் 32 சென். விலைப்பட்டியலில் ஏற வேண்டியது நாளைய விலை.

முறையைவிட எண்ணிக்கையே பெரிது என்பதை இதே கணக்கு காட்டிவிடுகிறது. இரண்டு முறைகளுக்கும் இடையே வந்த வேறுபாடு 106.25 ரிங்கிட். ஒரு மூட்டையைத் தவறாக எண்ணினால் போவது 160. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: 15 மூட்டை என்பது 750 கிலோ, அதாவது 7,500 தட்டு. கல்லாப் பதிவில் 7,000 தட்டுதான் என்றால் ஒரு மூட்டைக்குக் கணக்கில்லை. ஊழியர் சாப்பாடு, கொட்டிய சோறு, அளவு மீறிய கரண்டி, திருட்டு எல்லாம் அந்த 50 கிலோவுக்குள்தான் இருக்கும். ஆனால் யாரையும் சந்தேகிப்பதற்கு முன்னால் பில்களைப் பாருங்கள். 30ஆம் தேதியிட்ட பில்லுக்குரிய மூட்டை 1ஆம் தேதி காலை லோரியில் வந்து இறங்கியிருக்கலாம். வாங்கியதில் சேர்ந்து, இருப்பில் சேராமல் போன மூட்டை அதுவாகவே இருக்கலாம்.