சாட்டிங்கில் பழகியவரை முதல்முறை நேரில் சந்திக்கும்போது, இடத்தை முடிவு செய்ய வேண்டியது யார்?

2024 ஜூன் மாதம். டெல்லியில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வந்த ஓர் இளைஞர், டேட்டிங் ஆப்பில் பழகிய பெண்ணின் பிறந்தநாளைக் கொண்டாட, கிழக்கு டெல்லியில் உள்ள ஒரு கஃபேக்குப் போனார். இடத்தைச் சொன்னது அந்தப் பெண். கொஞ்சம் கேக், சில பானங்கள், அவ்வளவுதான். வீட்டில் ஏதோ அவசரம் என்று பெண் கிளம்பிப் போன பிறகு பில் வந்தது: 1.2 லட்சம் ரூபாய்க்கும் மேல். மிரட்டிப் பணத்தைக் கட்ட வைத்தார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். கஃபேவை நடத்தியவர்களும் அந்தப் பெண்ணும் சேர்ந்து போட்ட திட்டம் இது என்றும், வந்த பணத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்றும் போலீஸ் விசாரணையில் தெரியவந்தது.

இந்தச் சம்பவத்தைப் பேசும்போது எல்லோரும் பில் தொகையைப் பார்த்துத்தான் அதிர்ந்தார்கள். ஆனால் தப்பு நடந்தது பில் வந்தபோது அல்ல. "நீங்களே இடம் சொல்லுங்க" என்று விட்டுக்கொடுத்த நேரத்திலேயே எல்லாம் முடிவாகிவிட்டது. முன்பின் பார்க்காத ஒருவரைச் சந்திக்கும்போது இடமும் நேரமும் யார் கையில் இருக்கிறதோ, அந்தச் சந்திப்பும் அவர் கையில்தான் இருக்கும்.

எழுத்தில் பழகுவதில் என்ன சிக்கல்?

மாதக்கணக்கில் மெசேஜ் அனுப்பிப் பழகியவர்களுக்கு, எதிரில் இருப்பவரை ரொம்ப நாளாகத் தெரியும் என்ற உணர்வு வந்துவிடும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996-லேயே இதை விளக்கியிருக்கிறார். எழுதும்போது யோசித்து, திருத்தி, நம் நல்ல பக்கத்தை மட்டும் காட்ட முடிகிறது. படிப்பவரும் தெரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். அதனால் நேரில் பழகியவர்களைவிடவும் சில நேரம் நெருக்கம் கூடிவிடுகிறது.

இது மோசடிக்காரர்களுக்கு மட்டும் வசதியான விஷயம் இல்லை. நேர்மையான இரண்டு பேருக்கும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. டேட்டிங் தளங்களில் பழகியவர்களை வைத்து 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் சந்திப்பை அதிகம் தள்ளிப்போட்டவர்களுக்கு நேரில் பார்த்தபோது ஏமாற்றம் கூடியது என்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மனசுக்குள் இருக்கும் உருவம் வளர்ந்துகொண்டே போகிறது என்பதுதான் காரணம்.

எனவே எழுத்திலிருந்து நேராகச் சந்திப்புக்குத் தாவ வேண்டாம். நடுவில் ஒரு போன் கால், அடுத்து பத்து நிமிடம் வீடியோ கால். போட்டோவில் இருப்பவர்தான் பேசுகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். "கேமரா ரிப்பேர்", "நெட் இல்ல" என்று மூன்றாவது முறையும் காரணம் வந்தால், சந்திப்புத் தேதியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். "வர்றதுக்கு டிக்கெட் காசு மட்டும் அனுப்புங்க" என்று கேட்டாலும் அப்படித்தான்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்

கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் பெண், சென்னையில் வேலை பார்க்கும் ஆண். மேட்ரிமோனி ஆப்பில் அறிமுகம், ஆறு வாரமாக மெசேஜ், இரண்டு முறை வீடியோ கால் என்று வைத்துக்கொள்வோம். பெண் சென்னைக்கு வர முடிவாகிறது.

முதல் கேள்வி, எப்படி வருவது? கோவையிலிருந்து அதிகாலையில் கிளம்பும் வந்தே பாரத் ரயில் நண்பகலுக்குள் சென்னை சென்ட்ரலுக்கு வந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அதே ரயில் திரும்புகிறது. வாரத்தில் ஒரு நாள் ஓடாது என்பதால் தேதியைப் பார்த்துப் போட வேண்டும். போக, வர இரண்டு டிக்கெட்டையும் அவரே தன் காசில் முன்பதிவு செய்கிறார். இதில் இரண்டு லாபம். இரவு தங்கும் கேள்வியே வராது. "எனக்கு ட்ரெய்னுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கிளம்பவும் முடியும். சந்திப்பு நன்றாகப் போகவில்லை என்றால், யார் மனமும் நோகாமல் முடித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, எங்கே? இருவரும் ஆளுக்கு இரண்டு இடம் சொல்கிறார்கள். அவர் சொன்னதிலிருந்து இவர் ஒன்று, இவர் சொன்னதிலிருந்து அவர் ஒன்று எடுக்கிறார்கள். மிஞ்சிய இரண்டில், பயணம் செய்து வருபவர் சொல்வதே கடைசி முடிவு. இந்த உதாரணத்தில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தேர்வாகிறது. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

கஃபேவைவிட இது ஏன் நல்லது? பில் பயம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, எழுத்தில் சரளமாகப் பேசியவர்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும்போது பேச்சு வராமல் திணறுவார்கள். வெண்கலச் சிலைகளைப் பார்த்தபடி பக்கத்தில் நடக்கும்போது, அமைதியும் உறுத்தாது, பேசவும் ஏதாவது கிடைக்கும்.

மூன்றாவது, யாருக்குத் தெரியும்? வீட்டில் சொல்ல முடியாத நிலை பலருக்கு உண்டு. அப்படியென்றால் ஒரு தோழியிடமாவது சொல்ல வேண்டும். சந்திக்கும் நபரின் புரொஃபைல் ஸ்கிரீன்ஷாட், போன் நம்பர், ரயில் விவரம் மூன்றும் அவரிடம் இருக்கட்டும். வாட்ஸ்ஆப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். 8 மணி நேரத்தைத் தேர்வு செய்யவும். ஒரு மணிக்குத் தோழி போன் செய்ய வேண்டும். "அந்த ஃபைலை அனுப்பிட்டியா?" என்று முன்பே பேசிவைத்த கேள்விக்கு "இல்ல" என்றால், கிளம்ப உதவி தேவை என்று அர்த்தம்.

எப்போது உஷாராக வேண்டும்?

கடைசி நேரத்தில் இடம் மாறுவதுதான் முதல் அறிகுறி. "அங்க கூட்டமா இருக்கு, எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு, கார்லயே போயிடலாம்" என்பது நல்ல எண்ணத்திலும் வரலாம். ஆனால் பதில் ஒன்றுதான்: "இன்னிக்கு இங்கயே பார்த்துக்கலாம், அடுத்த தடவை அங்க போலாம்." உண்மையான ஆள் என்றால் ஒப்புக்கொள்வார். கோபப்பட்டால், அதுவும் ஒரு தகவல்தான்.

சாப்பிடப் போனால் மெனுவில் விலையைப் பார்த்த பிறகே ஆர்டர் செய்ய வேண்டும். விலை போடாத மெனு என்றால் எழுந்துவிடலாம். பில்லைக் காட்டி மிரட்டினால் அங்கிருந்தே 112-ஐ அழைக்கலாம். சந்திப்புக்கு முன்பே ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள், உடனே 1930-ல் புகார் செய்ய வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்க முடியுமா என்பது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், முதல் சந்திப்பு ஒரு விஷயத்தை மட்டுமே காட்டும். எழுதியவரும் எதிரில் நிற்பவரும் ஒரே ஆள்தானா என்பதுதான் அது. கல்யாணம் வரை போகலாமா என்பதற்கு ஒன்றரை மணி நேரம் பத்தாது. அதனால் அன்றே பதில் சொல்வதில்லை என்று முன்கூட்டியே பேசிவைப்பது இருவருக்கும் நல்லது. திரும்பும் ரயிலில் ஆறு மணி நேரம் இருக்கிறது. யோசிக்க அது போதும்.