“குத்தகைதாரராகிய நான்” என்று எழுத வேண்டாம்

தோழர்களே, சென்ற மாதம் ஒரு அக்கா தன் மகனோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். காம்பிராவில் மழை ஒழுகுகிறது, தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார். தம்பி கடிதத்தைப் போனிலேயே எழுதி வைத்திருந்தார். செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்ததாம். அது இப்படி இருந்தது:

“மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு, குத்தகைதாரராகிய நான் வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வருகிறேன். சொத்தின் தற்போதைய நிலை எனது குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தைக் கடுமையாகப் பாதிக்கிறது. பலமுறை எழுத்து மூலம் அறிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 14 நாட்களுக்குள் சீர்செய்யத் தவறின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.”

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இது அக்காவின் கடிதமும் இல்லை. கொழும்பில் வாடகைக்கு இருப்பவருக்கும் இது பொருந்தும். கூரை என்ற சொல்லையே காணோம்.

அதைவிட மோசம், அதில் இருந்த பொய்கள். அக்கா வாடகை கட்டுகிறவர் அல்ல. தோட்டத்தில் வேலை செய்வதால் லயத்துக் காம்பிராவில் இருப்பவர். எழுத்து மூலம் ஒரு தடவைகூட அறிவித்ததில்லை, வாயால்தான் சொல்லியிருக்கிறார். “முந்திய கடிதங்களின் பிரதியைக் காட்டுங்கள்” என்று துரை ஒரு கேள்வி கேட்டால் போதும், ஒழுகும் கூரை பின்னுக்குப் போய், அக்கா பொய் சொன்னார் என்பதே பேச்சாகிவிடும். 14 நாள் கெடுவும் அவர் யோசித்து வைத்ததல்ல. பதினைந்தாம் நாள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் போனிடம் “வீடு ஒழுகுது, முறைப்பாட்டுக் கடிதம் வேணும்” என்று மட்டும் கேட்டிருக்கிறார். தெரியாத இடங்களை அது தன் பாட்டில் நிரப்பிவிட்டது.

போனை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, அக்காவிடம் நடந்ததைக் கேட்டேன். “மழ வந்தா கொழுந்துக்குப் போறப்ப கட்டுற படங்க கூரைக்குக் கீழ கட்டி, அதுக்கடியிலதான் படுக்கிறோம் தலைவரே. விடிஞ்சா அதே படங்க இடுப்புல கட்டிக்கிட்டு மலைக்குப் போறேன்” என்றார். இதை எந்த மெஷினும் எழுதாது, ஏனென்றால் அதற்கு இது தெரியாது. தம்பி எழுதத் தொடங்கினார். நான் இடையிடையே கேட்டது நான்கு கேள்விகள்தான்: எந்த இடம், எந்தத் தேதி, யாரிடம் சொன்னீர்கள், என்ன வேண்டும்.

போனில் இருந்ததில் ஒன்றை வைத்துக்கொண்டோம். மேலே தேதி, பெறுநர், விடயம், கீழே கையொப்பம் என்ற ஒழுங்கு சரியாக இருந்தது. “வீட்டு உரிமையாளர்” என்பதை “தோட்ட முகாமையாளர்” என்று மாற்றினோம். உள்ளே இருந்ததை முழுவதும் வெட்டினோம். வந்த கடிதம் இதுதான்:

“நான் மேற்பிரிவு 4ஆம் இலக்க லயத்தில் 7ஆவது காம்பிராவில் இருக்கிறேன். 19 வருடமாகத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். அடுப்படிப் பக்கக் கூரையில் மூன்று தகரம் கறல் பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஜூன் 3ஆம் தேதி இரவு மழையில் மகளின் பாடப் புத்தகங்கள் நனைந்தன. 5ஆம் தேதி காலை பெரட்டில் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொன்னேன். 12ஆம் தேதி திரும்பவும் சொன்னேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார், யாரும் வரவில்லை. மழை இரவில் கொழுந்துக்குக் கட்டும் படங்கின் கீழ் படுக்கிறோம், விடிந்ததும் அதையே கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறேன். மூன்று தகரத்தையும் மாற்றித் தர வேண்டும். ஆள் வரும் தேதியை எழுத்தில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்க வைத்தோம். “சீர்கேடான நிலையில்” என்று தம்பி நடுவில் ஒன்றைச் சேர்த்திருந்தார். அந்த இடத்தில் அக்கா, “அது என்னா?” என்று கேட்டார். அதையும் வெட்டினோம். முகாமையாளர் கூப்பிட்டு விசாரித்தால் பதில் சொல்லப்போவது அவர்தானே. தனக்கே விளங்காத சொல்லுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே லயத்திலிருந்து ஐந்து பேர் போனில் எழுதிக் கொடுத்தால் ஐந்தும் ஒரே அச்சில் இருக்கும். வாங்குகிறவர் முதலாவதை வாசித்துவிட்டு மற்ற நான்கையும் கோப்பில் போட்டுவிடுவார். ஐந்து கூரைக்கு ஐந்து கதை இருக்கும்போது நாமே அதை ஒன்றாக்கிக் கொடுப்பானேன்?

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தோம். ஜூன் 20ஆம் தேதி ஆபிசில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் கிளாக்கர் ஐயாவிடம் தேதியும் கையெழுத்தும் வாங்கினோம். ஒரு வாரத்தில் ஆள் வந்து அளந்தார். பிறகு இரண்டு தகரம் மாற்றினார்கள். மூன்றாவது அப்படியே கிடக்கிறது. இப்போது அக்கா இரண்டாவது கடிதம் எழுதுகிறார். “ஜூன் 20ஆம் தேதி நான் கொடுத்த கடிதத்தில்” என்று அது தொடங்குகிறது.