நன்றியுரையில் கேட்ட இருப்புக் கணக்கு

மார்ச் 31 உடன் முடிந்த நிதியாண்டில் இருப்புக் கணக்கின் சரித்தன்மை இலக்கை எட்டியதற்காக, மொத்த வியாபாரக் களஞ்சியமொன்றின் முகாமையாளர் தமது ஊழியர்களுக்கு நன்றி கூறிய தேநீர் விருந்துக்கு அண்மையில் போயிருந்தேன். பத்து நிமிடமும் நீடிக்காத உரை. ஆனால் அவர் யார் யாருக்கு, எதற்காக நன்றி சொன்னார் என்பதை எமது வர்த்தகர்கள் அறிந்துகொள்வது பயனுள்ளது என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்த இலக்கு என்னவென்று பார்ப்போம். களஞ்சியத்தில் நூறு இடங்களை எண்ணினால், குறைந்தது 97 இடங்களில் ஏட்டிலுள்ள எண்ணும் தட்டிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்மில் பலர் இப்படிப் பார்ப்பதில்லை. வருட முடிவில் எல்லாவற்றையும் எண்ணி, ரூபாயில் கூட்டி, ஏட்டுத் தொகையோடு ஒத்துப் போனால் திருப்தியடைந்து விடுகிறோம்.

அந்தத் திருப்தி எவ்வளவு பொய்யானது என்பதற்கு முகாமையாளர் தமது களஞ்சியத்தின் சவர்க்காரத்தையே உதாரணம் காட்டினார். பெட்டிக்கு 72 கட்டி. சந்தனமும் எலுமிச்சையும் ஒரே விலை, பெட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோல. ஏட்டில் சந்தனம் 10 பெட்டி, எலுமிச்சை 6 பெட்டி. தட்டிலோ இரண்டிலும் எட்டு எட்டுப் பெட்டிகள். ரூபாய்க் கணக்கில் ஒரு சதமும் வித்தியாசமில்லை. ஆனால் எலுமிச்சை கேட்ட ஒரு கடைக்குச் சந்தனம் போயிருக்கிறது. இன்னொரு கடைக்காரர் சந்தனம் 10 பெட்டிக்கு ஓடர் தந்தால் லொறியில் எட்டுத்தான் ஏறும். இடம் இடமாகப் பார்த்தால் இது இரண்டு பிழை. மொத்தமாகப் பார்த்தால் பிழையே இல்லை.

இந்தப் பிழையை வெளியே கொண்டு வந்தவர் பொருள் ஏற்றும் நாட்டாமை ஒருவர். “நேத்து நான் ஏத்தினது மாறிட்டு சேர்” என்று அவராகவே வந்து சொன்னாராம். முகாமையாளர் முதல் நன்றியை அந்த நானாவுக்கே சொன்னார். கணக்காளரின் பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்கு இது மிகவும் சரியாகப் பட்டது. குறைவு கண்டவுடன் களவு என்று சத்தமிடும் இடத்தில், அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது நன்றி எண்ணுபவர்களுக்கு. அவர்களுடைய தாளில் பொருளின் பெயரும் இடமும் மட்டுமே இருக்கும், ஏட்டு எண் இருக்காது. எண் தெரிந்தால், களைத்துப் போனவர் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அதையே எழுதிவிடுவார். முதல் லொறி ஏற்றத் தொடங்குமுன் தினமும் காலையில் இருபது இடங்களை எண்ணி முடிக்கிறார்கள். வேகமாக ஓடும் பொருட்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது எண்ணப்படும்; மெதுவானவை வருடத்தில் இருமுறை.

மூன்றாவதாக, வித்தியாசத்தின் காரணத்தைத் தேடிய இலிகிதருக்கு நன்றி சொன்னார். எண்ணைத் திருத்திவிட்டுப் போவது சுலபம், ஆனால் நோய் அப்படியே இருக்கும். அந்த இலிகிதர் எண்ணைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கப் பழகியிருக்கிறார். சவர்க்காரத்தில் 144 குறைந்து, பக்கத்துத் தட்டில் 144 கூடினால் பெட்டி மாறி ஏறியிருக்கிறது. ஏட்டை விட 142 குறைந்தாலோ, போனது 2 பெட்டி, பதிந்தது 2 கட்டி. எங்கும் கூடாமல் சரியாக ஒரு பெட்டி மட்டும் குறைந்தால், முதலில் பதியப்படாத இன்வொய்ஸைத் தேடுவார், பிறகுதான் மற்றச் சந்தேகங்கள். திரும்பி வந்த பொருளை ஏட்டில் ஏற்றாமல் தட்டில் வைத்தால் கூடுதலாகக் காட்டும்.

இலக்கை எட்டியதற்காக எல்லோருக்கும் சமமாக ஒரு தொகை வழங்கப்பட்டது. இதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. வீதத்துக்குப் பணம் கொடுத்தால் வீதம் உயரும். இருப்பு சரியாகுமா என்பது வேறு விடயம். முகட்டை ஒட்டி அடுக்கிய, மாதக்கணக்கில் அசையாத, உடைக்காத பெட்டிகளை எண்ணினால் எப்போதும் சரியாகத்தான் வரும். ஆகவே, எந்த இடங்கள் எண்ணப்பட்டன என்பதைப் பார்க்காமல் 97 ஐ நம்பக் கூடாது. இதை அவரிடம் கேட்டேன். இடங்களைத் தெரிவு செய்வது களஞ்சியத்தினர் அல்லவென்றும், பட்டியல் அன்றன்று காலையில் கணக்குப் பகுதியிலிருந்தே வருகிறதென்றும் சொன்னார். எண்ணுபவரும் வேறு பகுதியைச் சேர்ந்தவராம்.

இன்னொன்றையும் கேட்டேன். திகதி கடந்த பிஸ்கட்டும் எண்ணிக்கையில் சரியாகத்தானே வரும்? சிரித்துவிட்டு, ஒரு மூலையில் அப்படிச் சில பெட்டிகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். அடுத்த எண்ணும் தாளில் காலாவதித் திகதிக்கும் ஒரு நிரல் சேர்க்கிறார்களாம்.