கழிவைத் தீர்மானிப்பது காசோலைத் திகதி: நல்லூருக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட 59 நாட்கள்

நல்லூர்க் கந்தன் தீர்த்தம் முடிந்து சில வாரங்களில் யாழ் நகரப் புடவைக்கடைகள் சிலவற்றின் வாசலில் 'மாபெரும் விலைக்கழிவு' என்ற பதாகை தொங்கும். கொழும்பிலிருந்து வந்திருக்கும் பெரிய கடைகளின் போட்டிதான் இதற்குக் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சில சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன் என்ற வகையில், நான் கண்ட காரணம் வேறு. கடைக்காரர் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையின் திகதிதான் அந்தக் கழிவை வைக்கிறது.

நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையை ஒட்டி வருகிறது; தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருகிறது. இடையில் இரண்டு சந்திர மாதங்கள். 2024இல் தீர்த்தம் செப்டெம்பர் 2, தீபாவளி ஒக்டோபர் 31. 2025இல் தீர்த்தம் ஓகஸ்ட் 22, தீபாவளி ஒக்டோபர் 20. இரண்டு ஆண்டுகளிலும் இடைவெளி 59 நாட்கள். திகதிகள் ஆண்டுதோறும் மாறினாலும் பெரும்பாலான ஆண்டுகளில் இந்த இடைவெளி பெரிதாக மாறுவதில்லை. திருவிழாவுக்கு வந்த புலம்பெயர் உறவுகள் திரும்பிப் போய்விடும் இந்தக் காலத்தில்தான் கடைகளில் சனம் குறைகிறது.

2025இல் நான் கணக்குப் பார்த்த ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன், ஜூலை 27இல், 200 சேலைகள் வாங்கப்பட்டன. ஒன்று 3,500 ரூபா. விற்பனை விலை 5,000 ரூபா. மொத்தம் 7 இலட்சம் ரூபாவுக்கு 60 நாள் காசோலை. அதாவது செப்டெம்பர் 25இல் வங்கியில் பணம் இருக்க வேண்டும்.

தீர்த்தம் முடியும்போது 110 சேலைகள் முழு விலைக்கு விற்றிருந்தன. கையில் வந்தது 5 இலட்சத்து 50 ஆயிரம். வாடகை, சம்பளம், மின்சாரம் என 1 இலட்சத்து 20 ஆயிரம் போக மிச்சம் 4 இலட்சத்து 30 ஆயிரம். காசோலைக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம் குறைகிறது. காசோலை திரும்பினால் அடுத்த முறை கடனுக்குச் சரக்கு வராது. அதனால் அண்ணை 30 வீதக் கழிவு போட்டார். 78 சேலைகள் வாங்கிய விலைக்கே போயின. காசோலை மாறியது. தீபாவளிக்குக் கடையில் மிஞ்சியது 12 சேலைகள்தான்.

விற்பனை மோசமாக இருந்ததால் இது நடக்கவில்லை. தீபாவளிக்கு விற்கக்கூடிய சரக்கை, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே காசாக்க வேண்டி வந்ததுதான் பிழை. அதே 200 சேலைகளில் பாதிக்கு 60 நாள் காசோலையும், மறு பாதிக்கு ஒக்டோபர் 25 திகதியிட்ட 90 நாள் காசோலையும் கொடுத்திருந்தால் முதற் காசோலையைக் கையிலிருந்த பணமே தாங்கியிருக்கும். மேலதிக ஒரு மாதக் கடனுக்காக மொத்த வியாபாரி சேலைக்கு 100 ரூபா கூட்டிக் கேட்டாலும் 100 சேலைக்குச் செலவு 10,000 ரூபா. கழிவில் கைவிட்ட இலாபமோ 1 இலட்சத்து 17 ஆயிரம் ரூபா.

90 நாள் கடன் கிடைக்காதவர்கள் கொள்வனவைத்தான் பிரிக்க வேண்டும். முதலில் 120 சேலைகளை வாங்கி, பத்தாம் நாள் மஞ்சத் திருவிழாவன்று இருப்பை எண்ணிப் பார்க்கலாம். வாங்கியதில் மூன்றில் ஒரு பங்காவது போயிருந்தால் மீண்டும் வாங்கலாம், போகாவிட்டால் நிறுத்திவிடலாம்.

கழிவே கூடாது என்பதல்ல. அந்த ஆண்டு மட்டும் ஓடும் புது வடிவமைப்புகள் தீபாவளிக்குள் பழசாகிவிடும். அவற்றுக்குத் திருவிழாவின் கடைசி வாரத்தில், சனம் இருக்கும்போதே கழிவு கொடுப்பதுதான் சரி. வேட்டி, வழமையான கரை போட்ட சேலை போன்றவை காத்திருக்கும். அவற்றுக்குத் தீபாவளிக்கு முந்திய நாட்களில், அரச ஊழியர் கையில் பண்டிகை முற்பணம் இருக்கும்போது, 10 வீதம் போதும்.

அந்த 10 வீதத்துக்கும் ஒரு விலை உண்டு. 5,000 ரூபாச் சேலையில் 1,500 ரூபாவாக இருந்த இலாபம் 1,000 ஆகிறது. அதே இலாபத்துக்கு ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். 20 வீதம் என்றால் இலாபம் 500 ரூபா. மூன்று மடங்கு விற்க வேண்டும். பெரிய கடைகளின் வங்கி அட்டைக் கழிவில் பெரும்பாலும் வங்கியும் ஒரு பங்கைச் சுமக்கிறது. சிறு கடைக்காரர் முழுவதையும் தானே சுமக்கிறார்.

அந்த அண்ணையிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது, "அப்ப நான் ஒரு மாதம் சும்மா கடை திறந்து வைச்சிருக்கிறன்" என்றார். அடுத்த கொடியேற்றத்துக்குச் சரக்கு எடுக்கும் முன், காசோலையில் எழுதும் திகதி தீபாவளிக்கு முன்னா பின்னா என்று அவர் பார்த்தாலே பாதி நட்டம் தவிரும்.