மொட்டைக் கேள்வி வேண்டாம்

1/ பி.ஜி. தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளே, நோட்ஸை அப்படியே Anki-ல கொட்டாதீங்க. ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் இருக்கணும்.

2/ "அனாஃபிலாக்ஸிஸ் எனும் கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் 0.5 மி.கி., தொடைத் தசையில், 5 நிமிடத்தில் திரும்ப". நோட்ஸில் இது ஒரு வரி. ஆனா அட்டை மூணு:

```
#separator:tab
அனாஃபிலாக்ஸிஸ்: பெரியவருக்கு அட்ரினலின் அளவு?	0.5 மி.கி.
அனாஃபிலாக்ஸிஸ்: அட்ரினலின் ஊசி எங்கே?	தொடையின் வெளிப்பக்கத் தசை
அனாஃபிலாக்ஸிஸ்: சரியாகலைன்னா அடுத்த டோஸ்?	5 நிமிடம் கழித்து
```

3/ கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ஒரே ஒரு டேப். கமா வெச்சா, நோட்ஸில் இருக்கிற கமாவிலேயே வரி உடைஞ்சிடும். சில எடிட்டர்கள் டேபை ஸ்பேஸா மாத்திடும். அப்போ இம்போர்ட் முன்னோட்டத்தில் முழு வரியும் கேள்விப் பக்கமே நிற்கும், விடை காலியா இருக்கும்.

4/ "அட்ரினலின் டோஸ்?"னு மொட்டையா கேட்காதீங்க. Anki முதல் பகுதியை வெச்சுத்தான் அட்டையை அடையாளம் காணும். அடுத்த வாரம் இதயம் நின்றவருக்கான 1 மி.கி. டோஸை அதே கேள்வியோட ஏத்தினா, Update அமைப்பில் பழைய விடை சத்தமில்லாம அழிஞ்சிடும்.

5/ அந்த 1 மி.கி. ரத்தக்குழாயில் போடுறது. இதயம் துடிக்கிற ஒவ்வாமை நோயாளிக்கு அதைப் போட்டா உயிருக்கே ஆபத்து. நோயின் பேர் கேள்வியிலேயே இருக்கட்டும்.