குற்றவாளியாகக் காட்டாத ஒரு வீடியோ

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கேரி பேக் அதில் ஒன்று. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எந்தக் காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தாலும் தராசுக்குப் பக்கத்தில் கவர் கட்டு தொங்குகிறது. வியாபாரிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவுகட்டி, உள்ளாட்சி அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் வீடியோ எடுத்து வெளியிடுகின்றன. எடுக்கட்டும். இன்று சந்தையில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பார்க்க ஆளும் இருக்கிறது. நம் கேள்வி, அந்த வீடியோவில் என்ன இருக்கிறது என்பதுதான்.

பெரும்பாலும் ஒரே வார்ப்பு. குப்பைமேடு, மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக், மூச்சுத் திணறும் ஆமை, பின்னணியில் சோக இசை. அடுத்து ஒரு பூக்காரம்மாவோ காய்கறிக்காரரோ கவரை நீட்டும் காட்சி, அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. கடைசியில் அபராதத் தொகை. இதைப் பார்க்கும் வியாபாரிக்குப் புதிதாக என்ன தெரிந்தது? கவருக்குத் தடை என்பது அவருக்குத் தெரியும். சுகாதார ஆய்வாளர் தெருமுனையில் தலைகாட்டியதும் கட்டைச் சாக்குக்கு அடியில் தள்ளுகிறாரே, தெரியாமலா? மாடு கவரைத் தின்பதையும் அவர்தான் தினம் பார்க்கிறார். தெரிந்ததையே திரும்பச் சொல்லி, ஆமையைக் கொன்ற பழியையும் அவர் தலையில் வைத்தால், பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அவர் ஏன் கவர் கொடுக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வாங்க வருபவர் அலுவலகத்திலிருந்து நேராக வருகிறார், கையில் பை இல்லை. "ஒரு கவர் குடுங்கண்ணே" என்கிறார். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறார். அங்கே அதே தக்காளி, அதே விலை, கூடவே கவர். கவர் மறுத்த வியாபாரி இழப்பது ஒரு பேரத்தை மட்டுமல்ல, அந்த வாடிக்கையையே. இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாத எந்த வீடியோவும் அவருக்காக எடுத்ததாகாது.

நாம் கேட்கும் வீடியோ மூன்று நிமிடம் போதும். பேசுபவர் அதே சந்தையில் கடை போட்டிருப்பவராக இருக்கட்டும். நடிகர் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம். தரையில் கடை விரித்து உட்கார்ந்திருப்பவரை மேலிருந்து கீழே பார்த்துப் படம் பிடிக்காமல், கேமராவைப் பிடிப்பவரும் ஒரு சாக்கைப் போட்டு எதிரே உட்கார வேண்டும். "அக்கா, அண்ணே, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டு அவரைப் பேசவிட வேண்டும். சந்தைச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. ஆகவே சொல்வதையெல்லாம் கையால் செய்து காட்டுவதும், விலையைப் பெரிய எழுத்தில் திரையில் போடுவதும் அவசியம்.

முதல் ஒரு நிமிடம் கணக்குக்கு. வியாபாரிக்குக் கணக்கைப் போல நெருங்கிய மொழி வேறில்லை. நடுத்தர அளவு மெல்லிய கவர் ஒன்று ஏறத்தாழ ஐந்து கிராம் எடை. கிலோவுக்குச் சுமார் 200 கவர் நிற்கும். கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஊருக்கு ஊர் விலை மாறும், அவரவர் விலையைப் போட்டுப் பார்க்கலாம்). ஒரு கவர் 80 காசு. நூறு பேர் வந்து போகும் கடையில் ஆளுக்கு இரண்டு கவர் போனால் நாளுக்கு ஒரு கிலோ, 160 ரூபாய். மாதத்தில் 25 நாள் கடை என்றால் 4,000 ரூபாய். வாங்குபவர் இலவசம் என்று நினைக்கும் பொருளுக்கு வியாபாரி தன் லாபத்திலிருந்து கட்டும் தொகை இது. பாதியைக் குறைத்தால் மாதம் 2,000 ரூபாய் கையில் நிற்கும். தண்டலுக்குப் பணம் வாங்கிக் கடை நடத்துபவருக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

பாதியைக் குறைப்பது எப்படி? இங்கேதான் வீடியோ நிதானமாக நிற்க வேண்டும். கவரை ஒரே நாளில் ஒழிக்கச் சொல்லாமல், தேவையில்லாத இரண்டாவது கவரிலிருந்து தொடங்கச் சொல்லலாம். தக்காளிக்கு ஒன்று, வெண்டைக்காய்க்கு ஒன்று, கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலை கொத்தமல்லிக்கு ஒரு குட்டிக் கவர் என்று பிரிப்பதில்தான் கட்டு வேகமாகக் கரைகிறது. கிழங்கு அடியில், தக்காளி மேலே, கீரைக் கட்டு கடைசியில் என்று ஒரே பையில் தட்டிலிருந்து நேராகச் சரித்துவிடலாம். கறிவேப்பிலையை வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றினால் உதிராது. பச்சைமிளகாய்க்குத் தனிக் கவர் எதற்கு? வீட்டில் எல்லாவற்றையும் கழுவத்தானே போகிறார்கள்.

இன்னொன்று, எதை எப்போது கேட்பது என்பது. எடை போட்டு முடித்த பிறகு "பை இருக்கா?" என்றால், அதற்குள் கை கவருக்குப் போயிருக்கும். எடை போடும் முன்பே கேட்டால், வண்டிப் பெட்டியில் மடித்துக் கிடக்கும் பை நினைவுக்கு வரும். கண்ணெதிரே தொங்கும் கட்டைப் பார்த்துத்தான் பலரும் கேட்கிறார்கள்; அதை எடுத்து உள்ளே வைத்தாலே கேட்பவர் குறைவார்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

உண்மையிலேயே பை இல்லாதவருக்கு? 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்க வந்தவர் பத்து ரூபாய் கொடுத்துப் பை வாங்கத் தயங்குவார். அதே பையை வியாபாரியே முன்பணத்துக்குக் கொடுக்கலாம்: பத்து ரூபாய் வைத்துவிட்டு எடுத்துப் போங்கள், திருப்பிக் கொண்டுவந்தால் காசைத் தந்துவிடுகிறேன். பத்துப் பைக்கு முதலீடு நூறு ரூபாய். பை திரும்பாவிட்டாலும் நட்டமில்லை. திரும்பினால் வாடிக்கையாளரும் கூடவே திரும்பி வருகிறார். பழைய காட்டன் சேலை கிடைத்தால் இன்னும் மலிவு. ஒரு சேலையில் பிடியோடு சேர்த்து 12 பை தாராளமாக வெட்டலாம். அக்கம்பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுவிடம் தைக்கக் கொடுத்தால் கூலி மட்டும்தான் செலவு.

ஈரச் சரக்குக்கு இந்தத் தீர்வு ஒத்துவராது. வீடியோ அதை மறைக்கவும் கூடாது. மீனும் கறியும் துணிப்பையில் போகாது. தூக்குவாளி கொண்டுவரச் சொன்னால் வாங்குபவருக்கு ஒரு சந்தேகம்: பாத்திரத்தின் எடையையும் சேர்த்துக் காசு வாங்கிவிடுவாரோ? அதைத் தீர்க்க மின்னணுத் தராசிலேயே வழி இருக்கிறது. வெறும் பாத்திரத்தை வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வரும். பிறகு மீனைப் போட்டால் மீனின் எடை மட்டும் தெரியும். தராசின் முகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பி வைத்து இதைச் செய்து காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை. பத்து விநாடிக் காட்சிதான். பாத்திரம் இல்லாதவருக்குத் தேக்கிலையிலோ வாழையிலையிலோ மடித்துக் கொடுக்கலாம்; கறிக்கடைகள் முன்பு பயன்படுத்தியவைதான். வெயிலில் இலை சீக்கிரம் சுருங்கி ஒடியும் என்பதால் ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். ரத்தம் கசியாமல் இருக்க இரண்டு இலையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மடிக்க வேண்டும். அப்படியும் தண்ணீர் சொட்டும் மீனுக்கு இலை போதாது. அதற்குப் பாத்திரம்தான் என்று ஒளிக்காமல் சொல்லலாம். கவருக்குப் பதில் பழைய செய்தித்தாளில் சுற்றச் சொல்வது மட்டும் கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளே அதைத் தடுக்கின்றன. செய்தித்தாள்காரர்களான நாமே இதைச் சொல்கிறோம்.

வியாபாரி ஏமாறும் இடங்கள் இரண்டு. "இது கனமான கவர், இதுக்குத் தடை இல்ல" என்று சொல்லி விற்கிறார்கள். ஒன்றிய அரசின் விதியில் 2022 இறுதியிலிருந்து 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக்குக்குத்தான் தடை; தமிழ்நாட்டுத் தடையோ எந்தத் தடிமனையும் விடுவதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் கூடுதல் விலைக்குக் கனமான கவர் வாங்கி, அபராதமும் கட்டுகிறார்கள். இரண்டாவது, துணி போலவே தோன்றும் 'நான் ஓவன்' பை. அது பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூல் பிய்த்துத் தீக்குச்சியைக் காட்டினால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், இது உருகிச் சுருண்டு கட்டியாகும்.

இவ்வளவும் செய்தாலும் பக்கத்துக் கடையில் கவர் தொங்கினால் எல்லாம் வீண். அதனால் வீடியோவைத் தனித்தனி வியாபாரிக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. ஒரு வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த நாளிலிருந்து இரண்டாவது கவரை நிறுத்துவது என்பதை அவர்களே பேசி முடிவுசெய்ய வேண்டும். மொத்த வரிசையும் ஒரே பதிலைச் சொன்னால் வாங்குபவர் எங்கே போவார்? சந்தைச் சங்கங்கள் வாடகைக்கும் கழிப்பறைக்கும் கூடிப் பேசுகின்றன. இதையும் அந்தக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். பலன் தெரிய வேறு ஆய்வு வேண்டாம். கவர் கட்டு முன்பு எத்தனை நாளைக்கு வந்தது, இப்போது எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேட்டால் போதும்.

அரசிடமும் உள்ளாட்சிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு வியாபாரிக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்து 200, பிறகு 500 என அபராதம் இருக்கிறது. அதை வசூலிக்க ஆள் வருகிறார். அதே கவரை விடியற்காலையில் மூட்டையாகக் கொண்டுவந்து கிலோக் கணக்கில் இறக்கிவிட்டுப் போகும் வண்டி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று வியாபாரிகளிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். சொன்னவருக்குத் தொல்லை வராது என்ற உறுதி மட்டும் வேண்டும். கிடங்கையும் ஆலையையும் பூட்டுவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. அது நடக்கும்வரை சந்தைக்குள் வரும் ஆய்வாளர், முதல் முறை பிடிபடுபவரிடம் அபராதச் சீட்டுக்குப் பதிலாகப் பத்து மஞ்சப்பையைக் கடனாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து எத்தனை திரும்பின என்று கேட்கட்டும்.