'வரை' என்ற சொல்லை விட்டுவிட்டால்: கடை அறிவித்தலைத் தமிழில் போடுவது பற்றி

மொனராகலை டவுனில் ஒரு சில்லறைக் கடையில் சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் ஒட்டியிருந்தால், யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுப்பதில்லை. "நம்ம ஆக்களுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்தானே, பிறகு தமிழ் எதுக்கு?" என்று நம்மவர்களே கேட்பார்கள். கேள்வி பாதி சரி. இங்கே தோட்டத்து மக்கள் கடையில் நின்று சிங்களத்தில் பேரம் பேசுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். ஆனால் பேசுவது வேறு, வாசிப்பது வேறு. தமிழ்ப் பாடசாலையில் படித்தவர் எட்டு வயதிலிருந்து சிங்களம் பேசினாலும், அறிவித்தலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிற வரியை வாசிக்கத் தடுமாறுவார். சல்லி சம்பந்தப்பட்ட விஷயம் எல்லாம் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. அது கச்சேரிக்கும் பொலிஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொருந்துகிற கடமை. ஒரு சின்னக் கடை முதலாளி தன் அறிவித்தலைத் தமிழில் போட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அவர் போட்டால், தமிழ் வாடிக்கையாளர் வேண்டும் என்பதற்காகப் போடுகிறார். அதனால் நாங்கள் இதை மொழி உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை. கடை அறிவித்தல் என்பது விலையையும் நேரத்தையும் பற்றிய ஒரு வாக்குறுதி. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் போதாது. வாக்குறுதி என்ன என்பதை முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தமிழில் புதிதாக எழுத வேண்டும். இதுதான் எங்கள் கருத்து.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, அனுமதி எடுத்த கடைகள் வீட்டுக்கே சாமான் கொண்டுபோய்க் கொடுத்தன. அதன் பிறகு சின்னக் கடைகளுக்கும் 'டெலிவரி' என்ற சொல் பழகிவிட்டது. இப்போது ஒரு சாதாரண அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் நாலு வரி: சாமான்களுக்கு 20% வரை விலைக்கழிவு. 5000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 5 கிலோமீற்றருக்குள் இலவச டெலிவரி. காலை 10 மணிக்கு முன் சொல்லும் ஓடர் அன்றைக்கே 'ஹவச' வரும். இந்தச் சலுகை 10ஆம் திகதி வரை, சாமான் முடியும் வரை மட்டும்.

வாசிக்க லேசாக இருக்கிறது. முதல் வரியிலேயே ஒரு பொறி இருக்கிறது. சிங்களத்தில் 'வட்டம' என்று சொல்வதை நம்ம நாட்டுத் தமிழில் 'கழிவு' என்போம். தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்து 'தள்ளுபடி' என்று போடுவது இப்போது கூடிவிட்டது. அதுவும் விளங்கும், ஆனால் இங்கே பில்லிலும் பேச்சிலும் புழங்குவது கழிவுதான். தனியாகக் 'கழிவு' என்று போட்டால் குப்பை என்ற அர்த்தமும் வரும் என்பதால், 'விலைக்கழிவு' என்று முழுசாக எழுதுவது நல்லது. பெரிய சிக்கல் அதற்குப் பக்கத்தில் இருக்கிற 'தக்வா' என்ற சொல்லில். அதாவது 'வரை'. பெனரில் இடம் போதவில்லை என்று அதைத் தூக்கிவிட்டு "20% விலைக்கழிவு" என்று கொட்டை எழுத்தில் போட்டால், தமிழ் வாசிக்கிறவருக்கு எல்லாச் சாமானுக்கும் 20% கிடைக்கும் என்று அர்த்தமாகிறது. கவுண்டரில் வந்து நின்றால் சவர்க்காரத்துக்கு மட்டும்தான் 20%, பருப்புக்கு ஒன்றும் இல்லை. மொழிபெயர்த்தவருக்கு அது ஒரு சொல். வாடிக்கையாளருக்கு அது ஏமாற்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வியாபாரி மக்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. எங்கள் யோசனை, 'வரை'யைக்கூட நம்பாமல் எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்று பெயரோடு எழுதுவது.

அடுத்தது 5000 ரூபாய். 'மேல்' என்றால் சரியாக 5000க்கு வாங்கினவர் சேர்வாரா? இதை விடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பம் 5200 ரூபாய்க்குச் சாமான் எடுக்கிறது. அதில் 1500 ரூபாய்ச் சாமானுக்கு 20% கழிவு, அதாவது 300 ரூபாய். கட்டவேண்டியது 4900. இப்போது டெலிவரி இலவசமா, இல்லையா? சிங்கள மூலத்தில் இதற்குப் பதில் இல்லை. அகராதியிலும் இல்லை. முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். "கழிவு போன பிறகு பில் 5000 அல்லது அதற்கு மேல் இருந்தால்" என்று அவர் சொன்னால் அதை அப்படியே எழுதலாம். அவரே அதுவரை யோசிக்காமல் இருந்திருந்தால், சிங்கள அறிவித்தலையும் திருத்திக்கொள்ளட்டும். நல்ல மொழிபெயர்ப்பு மூலத்திலுள்ள ஓட்டையையும் காட்டிக்கொடுக்கும்.

நேரத்துக்கு வருவோம். சிங்கள அறிவித்தலில் பெ.வ., ப.வ. என்று இருக்கும். தமிழில் மு.ப., பி.ப. ஆபீஸ் கடிதத்துக்கு அது சரி. கடைக்குக் 'காலை 10 மணி' என்பதே போதும், யாரும் நின்று யோசிக்கத் தேவையில்லை. ஆனால் 'ஹவச' என்பதை எப்படிச் சொல்வது? அது மூன்று மணியிலிருந்து இருட்டும் வரை நீளும். 'பின்னேரம்' என்று போடலாம், 'மாலை' என்று போடலாம், லயத்தில் 'அந்திக்கு' என்பார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் மணியைச் சேர்க்காவிட்டால் பிரயோசனம் இல்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தோட்டத்து நேரம் டவுன் நேரம் இல்லை. பதுளை, பசறைப் பக்கம் தேயிலை. அங்கே கொழுந்து எடுக்கிறவர்கள் கடைசி நிறுவை முடிந்து லயத்துக்கு வரவே பின்னேரம் ஆகிவிடும். மொனராகலைப் பக்கம் இறப்பர் அதிகம். பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையிலேயே மலைக்குப் போய், பிறகு பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு மத்தியானத்தில் வீடு வருவார்கள். ஒருவருக்கு மூன்று மணி டெலிவரி தோது, மற்றவருக்கு அந்த நேரம் வீட்டில் ஆளே இல்லை. "ஹவச வரும்" என்பதை நம்பி ஒரு அக்கா பாதி வேலையில் வந்தால், செக்ரோலில் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். சாமானோ ஆறு மணிக்கு வருகிறது. கடை கொடுத்த கழிவை விட அந்த அரைநாள் சம்பளம் பெரிது. அறிவித்தலில் ஒரு சொல் தெளிவில்லாமல் போனால் இழப்பது இதுதான்.

'10ஆம் திகதி வரை' என்பதும் லேசான விஷயமில்லை. பத்தாம் திகதி சேருமா, ஒன்பதோடு முடியுமா? தோட்டங்களில் சம்பளம் பொதுவாகப் பத்தாம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். சம்பளம் வாங்கி அந்தியில் ஓடர் சொன்னால், அது காலை 10 மணி தாண்டிய ஓடர். சாமான் 11ஆம் திகதி வரும். அப்போது கழிவு உண்டா? "10ஆம் திகதி இரவு கடை மூடுவதற்குள் சொல்லும் ஓடருக்கு" என்று எழுதினால் சண்டை வராது. சம்பள நாளை முதலாளிக்கு ஞாபகப்படுத்துவதும் மொழிபெயர்க்கிறவரின் வேலைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். ரெண்டு நாள் தள்ளி வைப்பதும் வைக்காததும் அவர் இஷ்டம்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "5 கிலோமீற்றருக்குள் உங்கள் வீட்டுக்கே" என்பது விலாசம் உள்ளவர்களுக்கு எழுதின வசனம். பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாது, கடிதம்கூடத் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும். கிலோமீற்றர் கணக்கில் கிட்ட இருக்கிற டிவிசனுக்கு மழை பெய்தால் த்ரீவீல் ஏறாது. அதனால் கிலோமீற்றரை விட்டுவிட்டு இடத்தின் பெயரை எழுதச் சொல்கிறோம். கோயிலடி, புள்ளக்காம்பரா, ஸ்டோர் வாசல் என்று எல்லாருக்கும் தெரிந்த இடங்கள் இருக்கின்றன. ஓட்டுகிற பையனிடம் எதுவரை போவான் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இதையெல்லாம் சேர்த்தால் தமிழ் அறிவித்தல் கிட்டத்தட்ட இப்படி வரும்:

சவர்க்காரம், பால்மாவுக்கு 20% விலைக்கழிவு. மற்றச் சாமானுக்குக் கழிவு இல்லை.
கழிவு போக பில் 5000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் டெலிவரி இலவசம்.
காலை 10 மணிக்கு முன் ஓடர் சொன்னால், அன்றைக்கே பின்னேரம் 4.30 – 6.30க்குள் வரும். பிறகு சொன்னால் அடுத்த நாள் அதே நேரம்.
சாமான் இறக்கும் இடம்: மேல் டிவிசன் கோயிலடி, கீழ் டிவிசன் புள்ளக்காம்பரா.
10ஆம் திகதி இரவு கடை மூடும் வரை சொல்லும் ஓடருக்கு மட்டும். சாமான் முடிந்தால் ஓடர் எடுக்கும்போதே சொல்லுவோம்.

'ஓடர்', 'டெலிவரி', 'பில்' என்று எழுதினதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். 'விநியோகம்', 'கட்டளை', 'பற்றுச்சீட்டு' எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் 'கட்டளை பிறப்பித்தால் விநியோகிக்கப்படும்' என்பதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போன் எடுக்கிற ஆளை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாக அச்சு. தமிழ் தெரியாத அச்சகத்தில் கொடுத்தால் ஆபத்து அங்கேதான். இங்கே பலரும் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் 'அறிவித்தல்' என்பது `mwptpj;jy;` என்று தெரியும். அதையாவது யாராவது கவனிப்பார்கள். ஒரு எழுத்து மாறினால் கவனிக்க ஆளில்லை. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கையில் 'தா' என்பது 'நா' ஆகி நம்மையெல்லாம் தலைகுனிய வைத்த கதை நாடே அறிந்தது. ஆகவே யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஐநூறு அடிக்க முதல் ஒரே ஒரு தாளை வாங்கி வாசியுங்கள், முக்கியமாக இலக்கங்களை.

அந்தத் தாளை நீங்கள் மட்டும் வாசித்தால் போதாது. சிங்கள மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம், முடிந்தால் லயத்தில் இருக்கிற வயசான ஒருவரிடம், உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு கேளுங்கள்: எவ்வளவு குறையும்? சாமான் எத்தனை மணிக்கு வரும்? எங்கே போய் எடுக்க வேண்டும்? என்றைக்கு முடியும்? நாலுக்கும் அவர் சொல்கிற பதிலும் முதலாளி சொல்கிற பதிலும் ஒன்றானால் ஒட்டலாம். ஒன்று மாறினாலும் அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.